அடுத்தவர் போட்டோவில் கை வைக்கும் முன்: வாட்டர்மார்க், முகம், அனுமதி – வரிசைப்படி ஒரு வழிகாட்டி

பிளெக்ஸ், அழைப்பிதழ், விளம்பர டிசைன் செய்யும் கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் போட்டோஷாப்பைச் சீக்கிரமே பிடித்துக்கொள்கிறார்கள். தடுக்கி விழுவது வேறு இடத்தில். வாட்ஸ்அப்பில் படம் வந்ததும், மூலையில் இருக்கும் ஸ்டுடியோ பெயரை அழிப்பதுதான் அவர்கள் செய்யும் முதல் வேலை. அனுமதி பற்றிய பேச்சு, பிளெக்ஸ் கட்டி முடித்து யாராவது சண்டைக்கு வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. அந்த வரிசையைத் திருப்பிப் போடுவதற்குத்தான் இந்த வழிகாட்டி. சட்டம் என்று வருமிடத்தில் இந்தியச் சட்டத்தையே சொல்கிறேன்.

பேசுவதற்கு வசதியாக ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம். ஒரு ஜவுளிக்கடைக்காரர் தீபாவளிக்கு பிளெக்ஸ் கேட்கிறார். மூன்று படங்கள் அனுப்புகிறார். ஒன்று, பட்டுப்புடவையில் ஒரு மணப்பெண். இன்ஸ்டாகிராமில் எடுத்தது, கீழே வலது மூலையில் ஒரு ஸ்டுடியோவின் பெயர் இருக்கிறது. இரண்டு, கடையை ஆரம்பித்த அவருடைய அப்பாவின் படம்; அவர் இப்போது இல்லை. மூன்று, ஒரு சினிமா நட்சத்திரத்தின் படம். "ஸ்டுடியோ பேரை எடுத்துடுங்க. அப்பாவை மேலே போடுங்க. ஸ்டார் என் தோள்ல கை போட்டு நிக்கிற மாதிரி பண்ணிடுங்க, தம்பி" என்கிறார். அன்றாடம் வரும் ஆர்டர்தான். மூன்று படத்துக்கும் பதில் வேறு வேறு.

1. ஃபைலைத் திறக்கும் முன் கேட்க வேண்டியவை

அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் படத்தை எடுத்தது யார்? படத்தில் இருப்பது யார்? முடிந்த டிசைன் எங்கே போகப் போகிறது?

முதல் இரண்டையும் தனித்தனியாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒரு போட்டோவில் இரண்டு பேரின் உரிமை இருக்கிறது. படத்தின் மேல் உள்ளது காப்புரிமை; முகத்தின் மேல் உள்ளது அந்த முகத்துக்குரியவரின் உரிமை. ஒருவர் சரி சொன்னால் மற்றவரும் சொன்னதாக ஆகாது. இதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள்.

2007இல் ஆஸ்திரேலியாவில் வர்ஜின் மொபைல் நிறுவனத்துக்கு நடந்தது இதற்கு நல்ல உதாரணம். ஃபிளிக்கர் தளத்தில் கிடைத்த, அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவியின் படத்தைத் தன் விளம்பரத்தில் போட்டது. படத்தை எடுத்தவர், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில்தான் அதை ஏற்றியிருந்தார். ஆனால் படத்தில் இருந்த பெண்ணிடம் யாருமே கேட்கவில்லை. குடும்பம் டெக்சாஸில் வழக்குப் போட்டது. ஆஸ்திரேலிய நிறுவனத்தை டெக்சாஸில் விசாரிக்க அதிகாரம் இல்லை என்று வழக்கு தள்ளுபடியானது. நிறுவனம் தப்பித்தது எல்லையால்தான். நம் கஸ்டமரும், கடையும், படத்தில் இருப்பவரும் பெரும்பாலும் ஒரே மாவட்டத்தில் இருக்கிறோம்.

மூன்றாவது கேள்விக்குக் காரணம் எளிது. வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கும், பேருந்து நிலையத்தில் கட்டும் பிளெக்ஸுக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. காப்புரிமைச் சட்டம் தன் சொந்தப் பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் இடம் கொடுக்கிறது. விளம்பரத்துக்கு அந்த இடம் இல்லை.

2. படம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

கஸ்டமர் "நெட்ல இருந்துச்சு" என்றால் அது பதில் ஆகாது. ஒருவர் இன்ஸ்டாகிராமில் படம் போடும்போது அந்தத் தளத்துக்குத்தான் அனுமதி கொடுக்கிறார், பார்க்கிற எல்லோருக்கும் கொடுப்பதில்லை.

கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ படத்தைப் போட்டுத் தேடுங்கள். பெரிய அளவிலும் பழைய தேதியிலும் கிடைக்கும் பிரதிதான் பெரும்பாலும் மூலத்துக்குப் பக்கத்தில் இருக்கும். மூல ஃபைல் கையில் இருந்தால், உள்ளே எழுதப்பட்ட தகவலையும் exiftool என்ற நிரலில் பார்த்துவிடுங்கள்:

```
exiftool -Artist -Creator -Copyright -Credit photo.jpg
```

இந்தக் கட்டளை ஒன்றும் காட்டவில்லை என்பதால் படத்துக்கு உரிமையாளர் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் இந்தத் தகவல் உதிர்ந்துவிடும். காப்புரிமை வருவதற்குப் பதிவும் தேவையில்லை, © குறியும் தேவையில்லை. படம் எடுத்த நொடியிலேயே அது வந்துவிடுகிறது.

3. உண்மையான உரிமையாளர் யார்?

மணப்பெண் படத்துக்கு வருவோம். மூலையில் ஸ்டுடியோ பெயர் இருப்பதால் ஸ்டுடியோவிடம் கேட்டால் போதும் என்று தோன்றும். அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது.

1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில், படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர். ஆனால் ஒருவர் காசு கொடுத்துத் தனக்காக எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது 17ஆம் பிரிவு. ஆக, கல்யாண ஆல்பத்தின் காப்புரிமை பல நேரம் கல்யாண வீட்டுக்குத்தான் போகும். ஸ்டுடியோ ரசீதின் பின்னால் "படங்களின் உரிமை எங்களுடையது" என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருந்தால் கதை மாறும்.

அதனால் ஸ்டுடியோவைக் கூப்பிடும்போது "இந்தப் படத்தைப் பயன்படுத்தலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "விளம்பரத்துக்குக் கொடுக்கும் உரிமை உங்களிடம் இருக்கிறதா? பெண் வீட்டார் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா?" என்றும் கேளுங்கள். நல்ல ஸ்டுடியோ இதற்குக் கோபித்துக்கொள்ளாது. தன் பக்கத்தில் மாதிரிக்காகப் போட்டுக்கொள்ள மட்டும் பெண் வீட்டார் சம்மதித்திருந்தால், ஜவுளிக்கடைக்கு அதைத் தூக்கிக் கொடுக்க ஸ்டுடியோவுக்கே உரிமை இருக்காது.

சரி, உரிமை பெண் வீட்டாரிடம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது ஸ்டுடியோவைத் தள்ளிவிடலாமா? கூடாது. காப்புரிமை கைமாறினாலும், எடுத்தவர் தன் பெயரைக் கோரும் உரிமையும், தன் மதிப்பைக் கெடுக்கும்படி படத்தைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் 57ஆம் பிரிவில் அவரிடமே தங்கியிருக்கின்றன. இரண்டு பக்கமும் கேட்பதுதான் நல்லது. இரண்டு போன் கால் வேலை, அவ்வளவுதான்.

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். சட்டமே உரிமத்தை எழுத்தில்தான் கேட்கிறது. காலத்தையும் இடத்தையும் எழுதாமல் விட்டால், ஐந்து வருடம், இந்தியா முழுக்க என்று சட்டமே கணக்கு வைத்துக்கொள்ளும். கொடுக்கிறவர் ஒரு தீபாவளிக்கு என்று நினைத்திருப்பார், வாங்குகிறவர் எப்போதைக்கும் என்று நினைத்திருப்பார். சண்டை அங்கிருந்துதான் கிளம்பும்.

4. வாட்டர்மார்க்: எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது

2012 திருத்தத்தில் காப்புரிமைச் சட்டத்தில் 65பி என்ற பிரிவு சேர்ந்தது. எடுத்தவர் பெயர், உரிமையாளரின் பெயர், முகவரி, பயன்படுத்தும் நிபந்தனைகள் போன்றவற்றை அது உரிமை நிர்வாகத் தகவல் என்ற கணக்கில் பார்க்கிறது. அனுமதியில்லாமல், தெரிந்தே அதை நீக்கினாலோ மாற்றினாலோ இரண்டு வருடம் வரை சிறையும் அபராதமும் உண்டு. நீக்கப்பட்டது தெரிந்தும் அந்தப் படத்தைப் பரப்புகிறவருக்கும் இதே தண்டனைதான். அதாவது கஸ்டமர் வீட்டிலேயே யாரோ அழித்துக் கொடுத்திருந்தாலும், அது நமக்குத் தெரிந்திருந்தால் நாம் வெளியே நிற்க முடியாது.

இது காப்புரிமை மீறலுக்கு மேலே வரும் தனிக் குற்றம். மீறலுக்கு 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் இருக்கின்றன. தெரியாமல் செய்தோம் என்ற வாதமும் வாட்டர்மார்க் விஷயத்தில் எடுபடாது. பெயர் எழுதிய இடத்தையே தேடிப்பிடித்து அழித்துவிட்டு, பெயரைப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

புதியவர்கள் இங்கே சில குறுக்குவழிகளைக் கையாள்கிறார்கள். குளோன் ஸ்டாம்ப் போட்டு அழிக்காமல் மூலையை வெட்டிவிடுவது ஒன்று. ஸ்டுடியோ பெயரின் மேல் கடை லோகோவை வைத்து மறைப்பது இன்னொன்று. பெயர் போய்விட்டது என்றால் போன வழியால் என்ன வித்தியாசம்? "படத்தில் இத்தனை சதவீதம் மாற்றினால் அது நம்முடையது" என்பதும் காற்றில் வந்த பேச்சுதான். அப்படி ஒரு கணக்கு சட்டத்தில் இல்லை. அழித்துவிட்டுக் கீழே "நன்றி: இணையம்" என்று போடுவதைப் பற்றி என்ன சொல்ல? யாருக்கு நன்றி என்றே தெரியாத நன்றி அது.

தைரியமாக எடுக்கக்கூடியவையும் இருக்கின்றன. கஸ்டமரே தன் போனில் எடுத்த குடும்பப் படத்தில் மூலையில் விழும் போன் கம்பெனி பெயர், தேதி முத்திரை போன்றவை யாருடைய உரிமையையும் சொல்பவை அல்ல. அப்புறம், மீம் பக்கங்கள் அடுத்தவர் படத்தின் மேல் தங்கள் பெயரைக் குத்தி வைத்திருக்கும். அந்தப் பெயர் உரிமையாளரின் பெயர் இல்லைதான். ஆனால் அதை எடுப்பதால் உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை, உண்மையான உரிமையாளர் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

ஸ்டுடியோ கொடுத்த புரூஃப் படம் தனி ரகம். பாக்கிப் பணம் கட்டாத கல்யாண வீட்டார், வாட்டர்மார்க் போட்ட புரூஃபைக் கொண்டுவந்து "இதைச் சுத்தம் பண்ணி பிரிண்ட் போடுங்க, எங்க கல்யாணப் படம்தானே" என்பார்கள். காசு கொடுத்தவர் உரிமையாளர் என்றுதானே மேலே சொன்னோம் என்று நீங்கள் இளகலாம். அவர்கள் இன்னும் முழுக் காசு கொடுக்கவில்லை, ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று நீங்கள் பார்க்கவும் இல்லை. அது அந்த இருவரின் தகராறு. ஸ்டுடியோவிடமிருந்து சுத்தமான ஃபைல் வரட்டும் என்று திருப்பி அனுப்பிவிடுங்கள்.

படம் விற்கும் தளங்களின் வாட்டர்மார்க்குக்கு நேரான வழி உண்டு. பல தளங்கள், வாட்டர்மார்க் இருக்கும் மாதிரிப் படத்தை லேஅவுட் காட்டுவதற்கு மட்டும் பயன்படுத்த விடுகின்றன. அந்தத் தளத்தின் விதியைப் படித்துவிட்டு, வாட்டர்மார்க்கோடு டிசைன் செய்து கஸ்டமருக்குக் காட்டுங்கள். அவர் ஓகே சொன்னதும் படத்தை வாங்கி அந்த லேயரில் மாற்றுங்கள். விலையை முதலிலேயே கொட்டேஷனில் சேர்த்துவிட்டால், கடைசி நேரத்தில் "அழிச்சிடுங்க" என்ற பேச்சு வராது. வாங்கும்போது "Editorial Use Only" என்று எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். அது செய்திக்கான படம். விளம்பரத்துக்கான சம்மதம் அதில் இருக்காது.

கிரியேட்டிவ் காமன்ஸ் படமாக இருந்தால் உரிமத்தின் எழுத்துகளைப் பாருங்கள். CC BY என்றால் பெயர் போட்டு, செய்த மாற்றத்தையும் சொல்ல வேண்டும். CC BY-ND என்றால் மாற்றிய படத்தை வெளியிடக் கூடாது. வெட்டி இன்னொரு படத்தில் சேர்ப்பதற்கே இடமில்லை. இதில் எந்த உரிமமும் படத்தில் இருக்கும் முகத்துக்கு அனுமதி தருவதில்லை. விக்கிமீடியாவில் கிடைக்கும் நடிகரின் படம் காப்புரிமைப் பக்கம் சுத்தமாக இருக்கலாம், விளம்பரத்தில் போட்டால் அதே படம் வம்பாகலாம்.

5. முகத்துக்குச் சம்மதம் வாங்குவது

ஸ்டுடியோவும் பெண் வீட்டாரும் படத்தைத் தரச் சம்மதித்துவிட்டார்கள். இனி அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டும். அவருடைய அப்பாவிடமோ கணவரிடமோ கேட்டால் போதாது, அவரிடமே கேட்க வேண்டும்.

1994இல் ஆட்டோ சங்கர் வழக்கு என்று நாம் அறிந்த ராஜகோபால் வழக்கில், தனிமை உரிமையைப் பற்றிச் சொல்லும்போது உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டது. ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்கோ வேறு எதற்கோ பயன்படுத்தினால் அது மீறல். புகழ்ந்து போட்டாலும் மீறல்தான் என்றது. "நல்லாத்தானே போட்டிருக்கோம், அழகாத்தானே இருக்கு" என்று கஸ்டமர் சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள்.

சம்மதத்தை வாட்ஸ்அப்பில் வாங்கினாலும் சரி, விவரமாக வாங்குங்கள். "ஓகே" என்ற ஒரு சொல், எதற்கு ஓகே என்று சொல்லாது. இந்த மாதிரி எழுதி அனுப்பி, பதில் வாங்கலாம்:

"என்னுடைய ____ தேதியிட்ட படத்தை (இணைப்பில் உள்ளது) ____ கடையின் தீபாவளி விளம்பர பிளெக்ஸிலும், அந்தக் கடையின் ஃபேஸ்புக் பக்கத்திலும் ____ தேதி வரை பயன்படுத்தச் சம்மதிக்கிறேன். பின்னணியை மாற்றலாம். புடவையின் நிறத்தையோ, என் முகத்தையோ உடலையோ மாற்றக் கூடாது. முடிந்த டிசைனைப் பார்த்து நான் சரி சொன்ன பிறகே அச்சிட வேண்டும்."

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருக்கிறது. படத்தை இணைப்பது, பிறகு வேறு படத்தை மாற்றிப் போட்டால் காட்டிக்கொடுக்கும். முடிவுத் தேதி இல்லையென்றால் அடுத்த வருடமும் அதே பெண் பிளெக்ஸில் நிற்பார். கடைசி வரிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பிளெக்ஸ் அச்சாகும் முன் ஒரு திருத்தம் பத்து நிமிட வேலை. கட்டிய பிறகு என்றால் இறக்கி, மீண்டும் அடித்து, கூலியும் கொடுத்துக் கட்ட வேண்டும்.

பதினெட்டு வயது நிறையாதவர் என்றால் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். பள்ளி ஆண்டு விழாப் படத்தில் இருந்து ஒரு பிள்ளையை மட்டும் வெட்டி டியூஷன் சென்டர் விளம்பரத்தில் போடச் சொல்லி வரும் ஆர்டர்கள் இந்தக் கணக்கில் வரும். பள்ளி கொடுத்த அனுமதி பெற்றோரின் அனுமதி ஆகாது.

6. மறைந்தவர், நட்சத்திரம்

அப்பாவின் படம் இந்த மூன்றில் எளிதானது. மறைந்தவரின் தனிமை உரிமை வாரிசுகளுக்குச் சொத்தாக இறங்காது என்று ஜெயலலிதாவின் வாழ்க்கையை ஒட்டிய படத்தை எதிர்த்து வந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நம் ஆர்டரில் கேட்பவரே மகன். படமும் குடும்பம் காசு கொடுத்து ஸ்டுடியோவில் எடுத்தது. தாராளமாகச் செய்யலாம். கடை அண்ணன் தம்பிகளின் பொதுச் சொத்து என்றால் மட்டும், எல்லோருக்கும் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். சட்டத்துக்காகக் கேட்கவில்லை. நடு ராத்திரியில் தம்பி வந்து பிளெக்ஸைக் கிழித்தால் உங்கள் பாக்கியும் சேர்ந்து போகும்.

நட்சத்திரத்தின் படம்தான் நேராக மறுக்க வேண்டியது. 2015இல் ரஜினிகாந்த் தன் பெயரும் பாணியும் கொண்ட ஒரு இந்திப் படத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், ஆள் இன்னார் என்று அடையாளம் தெரிந்தாலே போதும், மக்கள் ஏமாந்தார்கள் என்று நிரூபிக்கத் தேவையில்லை என்ற நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் எடுத்தது. அதனால் முகத்தைக் கொஞ்சம் மாற்றுவது, ஓவியம் மாதிரி ஆக்குவது, கண்ணாடியும் தலைமுடியும் மட்டும் வைப்பது எதுவும் கைகொடுக்காது. பார்த்ததும் இன்னார் என்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தானே கஸ்டமர் அதைக் கேட்கிறார்!

7. ஒட்டும் வேலைக்கு ஓர் எல்லை

ஒருவரை இன்னொரு படத்தில் சேர்க்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: பார்க்கிறவர் நடக்காத ஒன்றை நடந்ததாக நம்புவாரா, அதனால் யாருக்காவது இழப்பு வருமா?

மறைந்த தாத்தாவைப் பேத்தியின் கல்யாணக் குடும்பப் படத்தில் நிற்க வைத்தால் வீட்டில் எல்லோருக்கும் அது சேர்த்தது என்று தெரியும். ஓர் அமைச்சர் தன் தோளில் கை போட்டு நிற்பதுபோல ஒருவர் கேட்டால் எதற்கு என்று விசாரியுங்கள். அதைக் காட்டி வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் பறித்தால், அது மோசடிக் குற்றம். தெரிந்தே செய்து கொடுத்தவரையும் விசாரணை தேடி வரும். நம் ஜவுளிக்கடைக்காரர் கேட்ட தோளில் கையும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. நட்சத்திரம் கடைக்கு வந்தார், கடையைப் பரிந்துரைக்கிறார் என்று அது சொல்லாமல் சொல்கிறது. ஒரு பெண்ணின் முகத்தை வேறு உடலில் பொருத்தச் சொன்னால் யோசிக்கவே வேண்டாம், ஆர்டரைத் திருப்பிவிடுங்கள்.

எடுத்துக்கொண்ட வேலையில், மூலப் படத்தை லாக் செய்த தனி லேயராக அடியில் வைத்து, சேர்த்ததை மேலே தனி லேயர்களில் செய்யுங்கள். அனுமதி ஸ்கிரீன்ஷாட்டுகளும் அதே ஃபோல்டரில் இருக்கட்டும். என்ன வந்தது, நாம் என்ன மாற்றினோம் என்று ஆறு மாதம் கழித்தும் காட்ட முடியும்.

8. ஆட்சேபம் வந்தால்

ஸ்டுடியோவோ, படத்தில் இருப்பவரோ போன் செய்தால் முதலில் பிளெக்ஸை இறக்கச் சொல்லுங்கள். இணையத்தில் இருப்பதை அன்றே எடுங்கள். வாதம் அப்புறம். மேலே இருக்கும் ஒவ்வொரு நாளும் தெரிந்தே தொடர்ந்ததாகக் கணக்காகும்.

பயத்தில் ஃபைலையும் சாட்டையும் அழித்துவிடாதீர்கள். கஸ்டமர் "நானே அனுமதி வாங்கிட்டேன்" என்று சொன்ன செய்தி உங்களுக்கு உதவக்கூடிய ஒரே சாட்சியாக இருக்கலாம். ஸ்டுடியோவிடம் மூல ஃபைலைக் காட்டச் சொல்லிக் கேட்பது தப்பில்லை. அது உண்மையில் அவர்களுடையது என்றால், பயன்படுத்திய காலத்துக்கு ஒரு கட்டணம் பேசி, எழுத்தில் முடித்துக்கொள்ளலாம். வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டால் பதிலை நீங்களே எழுதாமல் வக்கீலிடம் கொடுங்கள்.

இறக்கும்போது அடிக்கடி மறந்துபோகும் ஓர் இடம் உண்டு: உங்கள் கடையின் சொந்த இன்ஸ்டாகிராம் பக்கம். கஸ்டமரின் பிளெக்ஸ் போயிருக்கும், "எங்கள் வேலைப்பாடு" என்று நீங்கள் போட்ட மாதிரிப் படம் அங்கேயே இருக்கும். அதுவும் ஒரு விளம்பரம்தான், உங்கள் கடைக்கு. அதற்கும் சம்மதம் வேண்டும் என்றால் மேலே கொடுத்த வாசகத்தில் உங்கள் கடைப் பெயரையும் முதலிலேயே சேர்த்து வாங்குங்கள்.